"ம்" என்று மட்டும் பதில் வந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்து வரி எழுதி அனுப்பினேன். "ம் சரி"ன்னு மட்டும் பதில் வந்திருக்கு. என் மேல கோபமா?

அந்த இரண்டு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது. அதில் அவ்வளவு தகவல் இல்லை.

போனில் ஒருவர் "ம்" சொல்வதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இழுத்துச் சொன்னால் யோசிக்கிறார். வெட்டிச் சொன்னால் சலிப்பு. மேலே ஏற்றிச் சொன்னால் கேள்வி. இடையிடையே சொன்னால் "கேட்டுக்கிட்டுதான் இருக்கேன், மேல சொல்லு" என்று அர்த்தம். இத்தனையும் திரையில் வந்து விழும்போது ஒரே எழுத்தாகிவிடுகிறது. ஒலி வழியிலேயே உதிர்ந்துவிட்டது. ஆனால் ஒலி இல்லாமல் நம்மால் படிக்க முடியாது. அதனால் நாமே ஒன்றைக் கொடுத்துப் படிக்கிறோம். பதில் எப்போது வரும் என்று கவலையோடு உட்கார்ந்திருந்தால், கையில் கிடைப்பது பெரும்பாலும் வெட்டிச் சொன்ன "ம்"தான்.

இதை ஒரு சோதனையில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். ஜஸ்டின் க்ரூகர், நிக்கோலஸ் எப்லி உள்ளிட்ட உளவியலாளர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வு அது. கிண்டலாகவும் நிஜமாகவும் சில வாக்கியங்களைச் சிலருக்கு மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னார்கள், சிலருக்குக் குரலில் சொல்லச் சொன்னார்கள். எது கிண்டல், எது நிஜம் என்று எதிராளி கண்டுபிடிக்க வேண்டும். எந்த வழியில் அனுப்பினாலும் 78 சதவீதம் சரியாகப் புரிந்துகொள்வார்கள் என்று அனுப்பியவர்கள் எதிர்பார்த்தார்கள். குரலில் 73 சதவீதம் சரியாக வந்தது. எழுத்தில் 56தான். காசைச் சுண்டிப் போட்டாலே 50 வரும். அந்த வாக்கியங்களாவது முழு வாக்கியங்கள். உங்களிடம் இருப்பதோ "ம் சரி".

ஆக, பதிலையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பதில் பயன் இல்லை. தகவல் வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, அந்தப் பதிலுக்கு மேலே நீங்கள் அனுப்பியது. இன்னொன்று, அவர் இதற்கு முன்னால் அனுப்பியவை.

நான் அனுப்பினதுல என்ன இருக்கு பார்க்க? நான்தான் எல்லாத்தையும் தெளிவா எழுதியிருக்கேனே.

தெரிந்த ஒருவர் காட்டிய உரையாடலை விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். அவர் தன் நெருங்கிய தோழிக்கு இப்படி எழுதியிருந்தார்:

"இன்னிக்கு ஆபீஸ்ல ரொம்ப அசிங்கமா போச்சு. நான் செஞ்ச ரிப்போர்ட்ல தப்புன்னு எல்லார் முன்னாடியும் சத்தம் போட்டாங்க. பார்த்தா அது என் தப்பே இல்ல. வேலைய விட்டுடலாமான்னு இருக்கு. வீட்ல இன்னும் சொல்லல. சரி விடு, யார்கிட்டயாவது சொல்லணும்னு தோணுச்சு. ஞாயித்துக்கிழமை வர்றல்ல?"

நாலு மணி நேரம் கழித்து வந்த பதில்: "ம் வரேன்".

எழுதியவருக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. இவ்வளவு கொட்டியிருக்கிறேன், ஒரு ஆறுதல் வார்த்தை இல்லை என்று அன்று இரவு முழுக்க அதே நினைப்பு.

இப்போது அந்தப் பதிலைக் கையால் மறைத்துவிட்டு, அனுப்பிய செய்தியின் கடைசி இரண்டு வரியை மட்டும் படியுங்கள். "சரி விடு" என்று இவரே அந்தப் பேச்சை மூடிவிட்டார். அதற்குப் பிறகு ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். வருவாயா, மாட்டாயா. அந்தச் செய்தி முழுவதிலும் இருந்த ஒரே கேள்வி அதுதான். தோழி அதற்குப் பதில் சொல்லிவிட்டாள். எழுதியவர் எதிர்பார்த்தது வேறு, கேட்டது வேறு.

இது எல்லோரும் செய்வதுதான். மனம் விட்டு எழுதிவிட்டுக் கடைசியில் வெட்கப்பட்டு, சாதாரணமான ஒரு கேள்வியைப் போட்டு மூடிவிடுகிறோம். படிப்பவர் கையில் கடைசியாகக் கிடைப்பது அந்தக் கேள்வி. பெரும்பாலானவர்கள் அதற்குத்தான் பதில் போடுவார்கள்.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது: என் செய்தியை முன்பின் தெரியாத ஒருவர் படித்தால், அதிகபட்சம் எவ்வளவு நீளப் பதில் போடத் தோன்றும்? "வந்துட்டேன்", "பார்சல் கிடைச்சுது", "நாளைக்கு பத்து மணிக்கு" மாதிரியானவற்றுக்கு "சரி" என்பது முழுமையான பதில். அதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமும் இல்லை.

அப்போ அவர் அடுத்து என்ன செஞ்சார்?

பழைய உரையாடலை மேலே தள்ளி, தோழியின் கடைசிப் பத்துப் பதில்களை எண்ணிப் பார்த்தார். ஏழு பதில்கள் மூன்று சொல்லுக்குள். இரண்டு குரல் பதிவுகள், இரண்டுமே ராத்திரி ஒன்பதுக்கு மேல் வந்தவை. ஒன்றே ஒன்று மட்டும் நீளமான எழுத்து. அதற்கு மேலே இவர் அனுப்பியிருந்தது "நீயா இருந்தா என்ன பண்ணுவ, சொல்லு" என்ற நேரடிக் கேள்வி.

ஆக, அந்தத் தோழி பகலில் சுருக்கமாக எழுதுகிறவள். ராத்திரியில் பேசுகிறவள். கேட்டால் நீளமாகவும் எழுதுவாள். "ம் வரேன்" அவள் வழக்கத்துக்கு உள்ளேதான் இருந்தது.

பிறகு தொடர்ந்து எழுதினார். பதில் சுருக்கமாக இருந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை: "அந்த ஆபீஸ் விஷயத்துல உன் யோசனை வேணும். ஞாயித்துக்கிழமை ஒரு அரை மணி நேரம் தனியா பேசலாமா?" இந்த முறை கேட்டது எதிர்பார்த்ததோடு ஒத்துப்போனது. "பேசுவோம். போன்ல எழுதற விஷயமா அது, நேர்ல கேக்கலாம்னு இருந்தேன்" என்று பதில் வந்தது.

எல்லாக் கதையும் இப்படி முடிவதில்லை, அதையும் கீழே சொல்கிறேன். ஆனால் நான் பார்த்தவரையில் முக்கால்வாசிக் குழப்பம் இந்த இரண்டு பார்வையிலேயே தீர்ந்துவிடுகிறது.

ஒருத்தரோட வழக்கம் இதுதான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? சில நாள் நல்லா பேசறாங்க, சில நாள் இல்ல.

ஒத்ததை ஒத்ததோடு வைத்துப் பாருங்கள். மதியம் பன்னிரண்டு மணிப் பதிலை, விடுமுறை நாளில் ராத்திரி பதினொரு மணிக்கு வந்த பதிலோடு ஒப்பிட்டால் யாருமே மாறிவிட்டது போலத்தான் தெரிவார்கள். மதியப் பதிலை இன்னொரு மதியப் பதிலோடு வையுங்கள். எங்கே சந்திப்பது என்று முடிவு செய்யும் பேச்சை அதே மாதிரிப் பேச்சோடு வையுங்கள்.

அப்புறம், எழுதும் வழியையும் பாருங்கள். போனில் தமிழ் எழுத்தில் தட்டுவது பலருக்கு இன்னும் கஷ்டமான வேலை. கண்ணாடி இல்லாமல் எழுத்துப் பலகை தெரியாதவர்கள் இருக்கிறார்கள். குரல் பதிவில் மூன்று நிமிடம் பேசிவிட்டு, எழுத்தில் மூன்று எழுத்தோடு நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். கையில் கட்டிய வாட்ச்சில் "சரி", "நன்றி" என்று தயாராக வரும் பதில்களில் ஒன்றைத் தொட்டுவிட்டு வண்டியை எடுப்பவர்களும் இருக்கிறார்கள்.

என் கதை ஒன்று. நெருங்கிய நண்பன் ஒருவன் இரண்டு வாரமாக "சரி", "ஓகே", "நன்றி" என்று மட்டும் பதில் போட்டுக்கொண்டிருந்தான். கடைசியாக நான் எதையாவது தவறாகச் சொன்னேனா என்று பழைய உரையாடலை எல்லாம் தோண்டினேன். ஒரு கிண்டலைக் கண்டுபிடித்து, அதுதான் காரணம் என்று முடிவும் கட்டிவிட்டேன். நேரில் பார்த்தபோது போனை எடுத்துக் காட்டினான். கீழே விழுந்து திரையின் அடிப்பாதி வேலை செய்யவில்லை. எழுத்துகளுக்கு மேலே தானாக வரும் சொற்களை மட்டும்தான் அவனால் தொட முடிந்தது. அந்தக் கிண்டல் அவனுக்கு ஞாபகமே இல்லை. நான்தான் ஞாபகப்படுத்தி, அதற்குப் பிறகு கொஞ்சம் கோபப்பட்டான்!

நீளம் பிரச்சினை இல்ல. எப்பவும் "சரிடா"ன்னு போடுவான், இப்போ "சரி." புள்ளி வச்சு வருது. இதுவும் ஒண்ணுமில்லையா?

இது கொஞ்சம் கவனிக்க வேண்டியதுதான். நீளம் நேரத்தைப் பொறுத்து மாறும். ஒருவரை எப்படி அழைக்கிறோம் என்பது அவ்வளவு சுலபமாக மாறாது. எவ்வளவு அவசரத்திலும் "டா" கூடவே ஒட்டிக்கொண்டு வரும், ஏனென்றால் அது யோசித்துப் போடுவதில்லை. "வாடா" என்று எழுதிக்கொண்டிருந்தவன் "வாங்க" என்று எழுதினால், ஒன்று கிண்டல், இல்லையென்றால் தள்ளி நிற்கிறான். அது எதுவென்று சுற்றியுள்ள வரிகளைப் பார்த்தால் தெரியும்.

ஆனாலும் ஒரு முறை "டா" விடுபட்டதை வைத்து எதையும் கட்டாதீர்கள். பக்கத்தில் யாராவது இருந்திருக்கலாம். மூன்று நான்கு உரையாடல்களில், வேறு வேறு நாளில், தொடர்ந்து காணவில்லை என்றால் அப்போது அது மாற்றம்.

புள்ளி விஷயத்தில் ஒரு ஆய்வு உண்டு. அமெரிக்காவின் பிங்கம்டன் பல்கலைக்கழகத்தில் சீலியா க்ளின் குழுவினர் 126 மாணவர்களிடம், ஒற்றைச் சொல் பதில்களைப் புள்ளியோடும் புள்ளி இல்லாமலும் காட்டினார்கள். குறுஞ்செய்தியாகக் காட்டியபோது புள்ளி வைத்த பதில் மனதிலிருந்து வராதது போலத் தோன்றியது. அதே பதிலைக் கையால் எழுதிய குறிப்பாகக் காட்டியபோது அந்த வித்தியாசம் இல்லை. ஆக, புள்ளி குளிர்ச்சியாகத் தெரிவது உங்கள் கற்பனை மட்டும் இல்லை. ஆனால் இந்த ஆய்வு படிப்பவருக்கு எப்படித் தோன்றுகிறது என்பதைத்தான் சொல்கிறது. எழுதியவர் என்ன நினைத்து வைத்தார் என்பதை அது சொல்லவில்லை. பல போன்களில் இடைவெளிப் பொத்தானை இரண்டு தரம் தட்டினாலே புள்ளி தானாக விழும். புள்ளி வைக்காத வாக்கியம் வாக்கியமே இல்லை என்று நினைக்கும் ஆட்களும் இருக்கிறார்கள். என் அக்கா அந்த ரகம். பிறந்தநாள் வாழ்த்துக்குக்கூட புள்ளி வைப்பாள்.

நீல டிக் வந்து மூணு மணி நேரம் கழிச்சு ஒரு வார்த்தைப் பதில். படிச்சுட்டு வேணும்னேதானே விட்டிருக்காங்க?

வாட்ஸ்அப்பில் நீல டிக் சொல்வது ஒன்றுதான்: அந்த உரையாடல் அவர் போனில் திறக்கப்பட்டிருக்கிறது. அவர் முழுவதும் படித்தார் என்றோ, பதில் எழுத உட்கார்ந்தார் என்றோ அதற்கு அர்த்தம் இல்லை. மேலே வரும் அறிவிப்பில் படித்துவிட்டுத் திறக்காமலே விட்டால் டிக் நீலமாகாது. அமைப்பில் அதை அணைத்து வைத்திருப்பவர்களுக்குத் தனி உரையாடலில் ஆகாது. இரண்டு பக்கமும் தவறாகச் சொல்லக்கூடிய அடையாளம் அது. அதை விட்டுவிடலாம்.

தொடர்ந்து எழுதலாமா வேண்டாமான்னு எப்படி முடிவு பண்றது? எத்தனை நாள் விடணும்?

நாள் கணக்கைப் பிறகு பார்ப்போம். முதலில், உங்களுக்கு என்ன வேண்டும்?

ஒரு தகவல் வேண்டுமென்றால், அதாவது வருகிறாரா, பணம் அனுப்பினாரா, டிக்கெட் எடுக்கலாமா என்பது தெரிய வேண்டுமென்றால், தயங்காமல் கேளுங்கள். அந்தத் தேதிக்கு எவ்வளவு முன்னால் உங்களுக்குத் தெரிய வேண்டுமோ அதைச் சொல்லியே கேட்கலாம். "பார்க்கலாம்" என்ற பதிலுக்கு இது ரொம்பவே பொருந்தும். சிலர் வாயில் "பார்க்கலாம்" என்றால் வருகிறேன். சிலர் வாயில் அது மரியாதையான மறுப்பு. அதை ஆராய்வதைவிட, "வியாழக்கிழமை டிக்கெட் போடறேன், அதுக்குள்ள சொல்லு. முடியலன்னாலும் பரவாயில்ல" என்று கேட்டுவிடுவது சுலபம்.

ஆறுதல் வேண்டுமென்றால், அதாவது "நாம நல்லாத்தான் இருக்கோம்" என்று அவர் வாயால் கேட்க வேண்டும் போலிருந்தால், அப்போது பொறுங்கள். குறைந்தது ஒரு ராத்திரி தூங்கி எழுந்திருங்கள். காலையில் அந்தப் பதிலை மறுபடி படியுங்கள். அதே எழுத்துகள்தான், ஆனால் நிறைய நேரம் அது வேறு குரலில் கேட்கும். அப்படிக் கேட்டால், நேற்று கேட்ட குரல் உங்களுடையது.

காலையிலும் அதே உறுத்தல் இருந்து, வழக்கத்திலிருந்து மாறியிருப்பதும் உண்மை என்றால், இரண்டு மூன்று நாள் விட்டு எழுதலாம். ஒரு வாரத்துக்கு மேல் விடுவதை நான் சிபாரிசு செய்வதில்லை. அதற்குள் நீங்களும் சுருக்கமாகப் பதில் போட ஆரம்பித்திருப்பீர்கள். அவர் அதைப் பார்த்து இன்னும் சுருக்குவார். பிறகு யார் ஆரம்பித்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

நேரா "கோபமா?"ன்னு கேட்டுடறேனே. அதுதானே நேர்மை?

நேர்மைதான். ஆனால் அந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "இல்லையே". கோபம் இல்லாதவரும் அதைத்தான் சொல்வார், இருக்கிறவரும் அதைத்தான் சொல்வார். உங்களுக்கு எதுவும் புதிதாகத் தெரிய வராது. "இல்லையே" என்பதும் ஒரு சுருக்கமான பதில் என்பதால், அதை வைத்து இன்னொரு ராத்திரி போகும்.

கோபம் இல்லாதவருக்கு அதில் வேறொரு தொல்லையும் உண்டு. அவர் ஏதோ அவசரத்தில் "சரி" போட்டிருப்பார். இப்போது தன்னைப் பற்றி விளக்கம் கொடுக்க வேண்டியிருக்கிறது. இது இரண்டு மூன்று தரம் நடந்தால், உங்களுக்குப் பதில் போடுவது என்றாலே எச்சரிக்கையாகப் போட வேண்டிய வேலையாகிவிடும். அதன் பிறகு பதில்கள் உண்மையிலேயே குறையும்.

"கோபமா" என்று கேட்கும் இடம் ஒன்று இருக்கிறது. நீங்கள் செய்தது இன்னது என்று உங்களுக்கே தெரியும்போது. அப்போதும் கேள்வியாகக் கேட்க வேண்டாம். "நேத்து எல்லார் முன்னாடியும் உன் சம்பளத்தப் பத்திப் பேசினது தப்பு. மன்னிச்சுடு" என்று விஷயத்தையே சொல்லிவிடுங்கள். "எதாவது தப்பா சொல்லியிருந்தா மன்னிச்சுடு" என்று பொதுவாக எழுதினால், தப்பைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலையும் அவர் தலையில் விழுகிறது.

சரி, அப்போ என்னதான் எழுதறது? ஒரு மாதிரி கொடுங்களேன்.

பதிலைப் பற்றி எழுதாமல் விஷயத்தைப் பற்றி எழுதுங்கள். ஒரே ஒரு கேள்வி இருக்கட்டும், அது கடைசி வரியில் இருக்கட்டும். அவர் ஒரு சொல்லில் பதில் போட்டாலும் அது உங்களுக்கு உபயோகப்படுகிற கேள்வியாக இருக்க வேண்டும்.

"என்னாச்சு, ஏன் இப்படி ஒரு வார்த்தையில பேசற?" என்பதை எழுதி வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதை அழித்துவிட்டு இப்படிப் பாருங்கள்: "நேத்து நீளமா எழுதித் தள்ளிட்டேன். அதுக்கெல்லாம் எழுதிப் பதில் போடணும்னு இல்ல. ராத்திரி பத்து நிமிஷம் கூப்பிடட்டுமா?" இதற்கு "ம்" என்று வந்தால்கூட அது சம்மதம். "இன்னிக்கு வேண்டாம், நாளைக்கு" என்றால் அதுவும் தெளிவு. எழுத்தில் உதிர்ந்துபோன குரலும் போனில் திரும்பக் கிடைத்துவிடுகிறது.

உங்களுக்கு எந்தக் கேள்வியும் இல்லை, தொடர்பு விட்டுப்போகக் கூடாது என்பது மட்டும்தான் என்றால், கேள்வியே வேண்டாம். இருவருக்கும் தெரிந்த ஏதோ ஒன்றைப் பார்த்ததும் படம் எடுத்து, "இதப் பார்த்ததும் உன் ஞாபகம்" என்று அனுப்பினால் போதும். இப்படி அனுப்பத் தயங்குகிறவர்கள் நிறைய. பெகி லியு குழுவினர் 2022இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பார்த்தது. நீண்ட நாள் பேசாத ஒருவரைத் திடீரென்று தொடர்பு கொள்ளும்போது, எதிராளி எவ்வளவு மகிழ்வார் என்பதை அனுப்புகிறவர்கள் குறைத்தே கணிக்கிறார்கள். எதிர்பாராமல் வந்தது என்பதே பெறுகிறவருக்குப் பிடித்திருந்ததாம்.

எத்தனை செய்தி அனுப்பலாம்? அவர் பதில் போடாமல் இருக்கும்போது ஒன்று. அதற்கு மேல் கேள்விக்குறிகளை மட்டும் தனியாக அனுப்புவது, அனுப்பியதை அழித்துவிட்டு "ஒண்ணுமில்ல விடு" என்பது, இரண்டும் வேண்டாம். செய்தி அழிக்கப்பட்டது என்று அவர் திரையில் தெரியும். இப்போது ஊகிக்கும் வேலை அவருடையது.

எழுதிப் பார்த்துட்டேன். அதுக்கும் "ம்"தான்.

அப்போது வேறு மூன்றைப் பாருங்கள். நீங்கள் நேரடியாகக் கேட்ட கேள்விகள் பதில் இல்லாமல் தொங்குகின்றனவா? அவராக ஆரம்பித்த பேச்சு கடைசியாக எப்போது? கூப்பிட்டால், சந்திக்கலாம் என்றால், வேறு நாள் சொல்கிறாரா, அல்லது "பிஸி" என்பதோடு நிற்கிறதா?

மூன்றாவதுதான் என் அனுபவத்தில் நன்றாகச் சொல்லும். உண்மையிலேயே வேலையில் மூழ்கியிருப்பவர், ஒரு சொல்லில் பதில் போட்டாலும், மாற்று நாள் ஒன்றை எப்போதாவது தருவார். விலகுகிறவரிடம் மாற்று நாள் இருக்காது.

மூன்றுமே ஒரு மாதமாக இப்படித்தான் என்றால், அவர் விலகியிருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். ஏன் என்பது அப்போதும் தெரியாது. ஒரே ஒரு முறை நேராகச் சொல்லலாம்: "கொஞ்ச நாளா நாம அவ்வளவா பேசல. எனக்குக் குறையா இருக்கு. உனக்கு இப்போ இடைவெளி வேணும்னா சொல்லு, புரிஞ்சுக்குவேன்." அதற்குப் பிறகு பந்து அவர் பக்கம். பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பாதீர்கள். பிறந்தநாளுக்கு ஒரு வாழ்த்தோடு கதவைச் சாத்தாமல் வைக்கலாம், அவ்வளவுதான்.

குரூப்ல மணிக்கணக்கா கலாய்க்கறான். எனக்குத் தனியா போட்டா மட்டும் "ஓகே".

குரூப்பில் பேசுவதற்கு உழைப்பு குறைவு. போகிற போக்கில் ஒரு ஸ்டிக்கர் போட்டுவிட்டுப் போகலாம். யாருக்கும் பொறுப்பாகப் பதில் சொல்ல வேண்டியதில்லை. தனிச் செய்தி என்றால் யோசித்துப் போட வேண்டும். அதனால் குரூப்பையும் தனியையும் ஒப்பிடுவது சரியான ஒப்பீடு இல்லை. உங்களுக்குத் தனியாக முன்பு எப்படிப் போட்டான், இப்போது எப்படி என்று பாருங்கள். ஒரு விதிவிலக்கு: குரூப்பிலேயே நீங்கள் சொல்வதை மட்டும் தாண்டிப்போகிறான், மற்றவர்களுக்குப் பதில் போடுகிறான் என்றால் அது உங்களைப் பற்றியதாக இருக்க வாய்ப்பு அதிகம். நேரில் கேளுங்கள், குரூப்பில் வேண்டாம்.

தோழிக்கு வீட்டில் ஒரு சாவு நடந்து இரண்டு மாசம் ஆச்சு. எது கேட்டாலும் "நல்லா இருக்கேன்"னு மட்டும் வருது. இதையும் சாதாரணமா எடுத்துக்கணுமா?

வேண்டாம். மேலே பொறுங்கள் என்று சொன்னதெல்லாம் இதற்குப் பொருந்தாது.

அங்கே கேள்வி என் மேல் கோபமா என்பதாக இருந்தது. இங்கே கேள்வி அவள் எப்படி இருக்கிறாள் என்பது. "எப்படி இருக்க" என்பதற்குப் பதில் சொல்வதே துக்கத்தில் இருப்பவருக்குப் பெரிய வேலை. "நல்லா இருக்கேன்" என்பது அந்த வேலையிலிருந்து தப்பிக்கும் வழி. அதனால் கேள்வியைச் சின்னதாக்குங்கள்: "இன்னிக்கு சாப்பிட்டியா?", "நேத்து தூக்கம் வந்துச்சா?" இல்லையென்றால் கேட்கவே கேட்காமல், "சாயங்காலம் வரேன், பேச வேண்டாம், சும்மா உக்காந்துட்டு வரலாம்" என்று சொல்லுங்கள். பதில் வராவிட்டாலும் நாலைந்து நாளுக்கு ஒரு முறை எழுதுங்கள். பதில் எதிர்பார்க்கவில்லை என்பதையும் அதிலேயே சொல்லிவிடுங்கள்.

சுருக்கமான பதிலில் "இனி எதுக்கு", "எல்லாருக்கும் நான் பாரம்", "எல்லாத்துக்கும் நன்றி, போதும்" என்பது போல ஏதாவது வந்தால் எழுதிக்கொண்டிருக்காதீர்கள். உடனே கூப்பிடுங்கள். எடுக்கவில்லை என்றால் அவர் பக்கத்தில் இருக்கும் யாரையாவது போகச் சொல்லுங்கள், நீங்களும் கிளம்புங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. இருக்கிறது என்றால் தனியாக விடாமல், அவசர உதவியையோ மருத்துவரையோ அழையுங்கள். நான் தவறாகப் புரிந்துகொண்டு பதறிவிட்டேனோ என்ற வெட்கமெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உண்மையச் சொன்னா, ஒரு வார்த்தைப் பதில் போடற ஆள் நான்தான். எல்லாரும் கோச்சுக்கறாங்க. என்ன பண்ண?

நீளமாக எழுத வேண்டாம். எப்போது எழுதுவீர்கள் என்பதை மட்டும் சேருங்கள். "படிச்சேன். ராத்திரி கூப்பிடறேன்" என்பது மூன்று சொல். "ம்" என்பதைவிட இரண்டுதான் அதிகம், ஆனால் எதிராளி ஊகிக்க வேண்டியது எதுவும் மிச்சமில்லை. முக்கியமான ஒன்று: ராத்திரி கூப்பிடுங்கள். மறந்துபோகிற ஆள் என்றால், அந்த உரையாடலைப் படிக்காததாகக் குறித்து வைக்கும் வசதி வாட்ஸ்அப்பில் இருக்கிறது. அந்தப் பச்சைப் புள்ளி கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும்.

நெருங்கிய இரண்டு மூன்று பேரிடம் ஒரு முறை சொல்லியும் வைக்கலாம்: "பகல்ல நான் போடற 'ம்'முக்கு அர்த்தம் 'பார்த்துட்டேன்', அவ்வளவுதான்." என் நண்பன், அந்த உடைந்த திரைக்காரன், இப்போது திரையை மாற்றிவிட்டான். இன்னமும் "சரி" என்றுதான் போடுகிறான்.